பள்ளம் விழுந்தால்தானே துணி இழுபடும்?

“பள்ளம் விழுந்தால்தான் துணி இழுபடும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? இப்ப பள்ளம் விழுந்திருக்கு. அப்புறம் ஏன் வண்டியை நிறுத்தச் சொல்றீங்க?” என்று மேஸ்திரி கேட்டார். களிமண்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, அதன்மேல் ஜல்லியைக் கொட்டி வண்டிப் பாதை போட்டுக்கொண்டிருந்தோம்; ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. “இது அந்தப் பள்ளம் இல்லை” என்று சொல்லிவிட்டு நான் அளவுகோலை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். நிறுத்தச் சொன்னது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலாகுமா என்றால், ஆகாது.

துணி விரிப்பதற்கு முன் ஆட்களிடம் நான் சொன்னது இதுதான்: கீழே இருப்பது களிமண்; அதன்மேல் ஜல்லியை நேராகக் கொட்டினால் கல் மண்ணுக்குள் இறங்கும், மண் கல்லுக்குள் ஏறும்; இரண்டையும் பிரித்து வைப்பது துணியின் முதல் வேலை. சக்கரம் அழுத்தும் இடத்தில் துணி தொய்ந்து இழுபடும்போது சுமையின் ஒரு பகுதியைத் தானே தாங்குவது அதன் இரண்டாவது வேலை. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இரண்டாவது வேலை நடப்பதற்கு நிபந்தனைகள் உண்டு. பள்ளம் ஏறத்தாழ 100 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமாக வேண்டும், வண்டிகள் ஒரே தடத்தில் போக வேண்டும், தடத்துக்கு இருபுறமும் துணியை அசையாமல் பிடித்துவைக்கப் போதிய ஜல்லி அதன்மேல் கிடக்க வேண்டும். இந்த நிபந்தனைகளை அன்று சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டவர்கள் மனதில் நின்றது முதல் வாக்கியம் மட்டுமே.

எங்கள் வடிவமைப்பு அந்த இழுவிசையை நம்பி நிற்கவில்லை என்பதுதான் என் தரப்பு நியாயம். சிறகுத் தகடுகளை மண்ணில் செருகித் திருகிப் பார்க்கும் வேன் சோதனையில் அடிமண்ணின் வெட்டுவலிமை, அதாவது மண் வழுக்கி நகராமல் எதிர்த்து நிற்கும் வலிமை, சுமார் 30 கிலோபாஸ்கல் கிடைத்தது; பாதைக்கு அடியில் உள்ள மண்ணின் தாங்குதிறனைக் காட்டும் சி.பி.ஆர். கணக்கில் அது ஏறத்தாழ 1. ஜிரூ, நுவாரே என்ற பொறியாளர்கள் 1981-இல் வெளியிட்ட முறைப்படி, துணி இல்லாத பாதையில் அடிமண் தன் வெட்டுவலிமையைப் போல் 3.14 மடங்கு அழுத்தம் வரை மட்டுமே தாங்குவதாகக் கொள்ள வேண்டும். அதற்குமேல் சக்கரத்தின் கீழே மண் ஆங்காங்கே நெகிழத் தொடங்கிவிடும். துணி இருந்தால் இந்த மடங்கு 5.14 ஆகிறது, ஏனெனில் மண் பக்கவாட்டில் பிதுங்கி மேலே எழ முடியாதபடி துணியும் அதன்மேல் உள்ள ஜல்லியும் அழுத்திப் பிடிக்கின்றன. அதாவது நமக்குக் கிடைக்கும் லாபத்தில் பெரும்பகுதி, துணி விறைத்து நின்று சுமப்பதால் வருவதல்ல, மண்ணை அதன் இடத்திலேயே அடக்கி வைப்பதால் வருவது.

கணக்கு எளிமையானது. இரட்டைச் சக்கரத்தின் சுமை 40 கிலோநியூட்டன், டயர் அழுத்தம் 550 கிலோபாஸ்கல். டயர் பதியும் இடம் ஒரு வட்டம் என்றும், ஜல்லிக்குள் சுமை ஆழம் இரண்டுக்குப் பக்கவாட்டில் ஒன்று என்ற சாய்வில் விரிகிறது என்றும் வைத்துக்கொண்டால், துணி இல்லாமல் 94 கிலோபாஸ்கலுக்குள் அடங்க ஏறத்தாழ 430 மி.மீ. ஜல்லி தேவை. துணியோடு 154 கிலோபாஸ்கல் வரை போகலாம் என்பதால் 270 மி.மீ. போதும். வண்டிகள் திரும்பத் திரும்ப ஓடும்போது ஜல்லி தளர்ந்து சுமையை விரிக்கும் திறன் குறையும் என்பதற்காக மொத்தம் 400 மி.மீ. என்று வைத்தோம்: முதல் அடுக்கு 300, அது நிலைத்த பிறகு இரண்டாவது அடுக்கு 100. துணியை வைத்து ஜல்லியை மிச்சப்படுத்தலாம் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இந்த 400 பிடிக்கவில்லை. பிடிக்காதது எனக்குப் புதிதல்ல.

இனி பள்ளத்துக்கு வருகிறேன். முதல் அடுக்கின்மீது ஓடும் வண்டிகளால் ஏற்படும் பள்ளம் 75 மி.மீ. தாண்டக்கூடாது, தாண்டினால் சுமையைக் குறைக்க வேண்டும் அல்லது அடுக்கின் கனத்தைக் கூட்ட வேண்டும் என்பது இத்தகைய வேலைகளில் வழக்கமாக வைக்கும் வரம்பு. பாதையின் தாழ்வான பகுதியில் நேர்சட்டம் வைத்து அளந்தபோது 90 முதல் 100 மி.மீ. வரை இருந்தது. ஆனால் ஆழத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. புதிதாகக் கொட்டிய ஜல்லி சக்கரத்தின் கீழ் இறுகுவதாலோ ஒதுங்குவதாலோ வரும் பள்ளம் வேறு, அடிமண் நெகிழ்ந்து வரும் பள்ளம் வேறு. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தடத்துக்குக் குறுக்கே கையால் தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். துணி சமமாகக் கிடந்தால் பிரச்சினை ஜல்லியில் இருக்கிறது; ரோலரை ஓட்டி, விட்டுப்போன கனத்தை நிரப்பினால் போதும். துணி தடத்தின் கீழே தொய்ந்து, இரு தடங்களுக்கும் நடுவே புடைத்திருந்தால் மண் நகர்ந்துவிட்டது என்று பொருள். நாங்கள் தோண்டிய இடத்தில் துணி கிழியாமல் முழுதாக இருந்தது, ஆனால் அலைபோல வளைந்திருந்தது.

இந்த இடத்தில்தான் மேஸ்திரியின் வாதத்துக்கு வலு இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. துணி வளைந்திருக்கிறது, கிழியவில்லை, தடமும் ஒன்றே. மேலே சொன்ன நிபந்தனைகளில் பெரும்பாலானவை நிறைவேறிவிட்டன. அப்படியென்றால் துணி சுமக்கத் தொடங்கிவிட்டது என்பதும் உண்மைதான். பிறகு எதற்காக நிறுத்தினேன்? அந்த நெகிழ்வு அங்கேயே நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை என்பதுதான் என் பதில். களிமண்ணைக் கலக்கினால் வலிமை குறையும். சில மண்ணில் பாதியாகிவிடும். 30 என்பது 15 ஆனால், அதே கணக்கில் துணியோடு சேர்த்தே 510 மி.மீ. ஜல்லி வேண்டும், அங்கே கிடந்ததோ 300. ஒவ்வொரு வண்டியும் மண்ணை இன்னும் கொஞ்சம் பிசைகிறது, பிசைந்த மண் அடுத்த வண்டியை இன்னும் குறைவாகத் தாங்குகிறது. துணியின் இழுவிசை இந்தச் சரிவைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். இதை அவரிடம் அன்றே இப்படிச் சொல்லியிருக்கலாம். வண்டிகள் நிற்கும்போது இவ்வளவு பேச முடியாது என்பதும் ஒரு காரணம். அது எவ்வளவு நல்ல காரணம் என்பது வேறு விஷயம்.

பள்ளங்களைப் புதிய ஜல்லியால் நிரப்பி, அடுத்து வரும் வண்டிகளைப் பாதிச் சுமையோடு விடச் சொன்னேன். கிரேடரை இறக்கக்கூடாது என்றும் சொன்னேன். கிரேடர் செய்வது, நடுவில் புடைத்திருக்கும் மேட்டைச் சீவிப் பள்ளத்தில் தள்ளுவது. மேற்பரப்பு அழகாகச் சமமாகிவிடும். ஆனால் துணியும் நடுவே புடைத்திருப்பதால், சீவிய இடத்தில் அதன்மேல் உள்ள ஜல்லியின் கனம் குறைந்துவிடுகிறது. மேடு 60 மி.மீ. என்றால், சீவிய பின் அங்கே 300-க்குப் பதில் 240 மட்டுமே மிஞ்சும். அடுத்த வண்டி தடம் மாறி நடுவில் ஏறினால் அதைத் தாங்குவது அந்த 240தான். துணியைப் பக்கத்தில் பிடித்துவைத்திருந்த பாரமும் அதோடு குறைகிறது. புதிய ஜல்லியால் நிரப்பினாலோ கனம் எங்கும் குறைவதில்லை, பலவீனமான தடத்தின் கீழே கூடவும் செய்கிறது. சீவினாலும் நிரப்பினாலும் மேலே தெரிவது ஒரே சமதளம் என்பதால், இந்த வேறுபாட்டை நம்பவைப்பது கடினம்.

நான் இல்லாத நேரத்தில் தாழ்வான பகுதியின் ஒரு பாதியைக் கிரேடரால் சீவிவிட்டார்கள். மறுபாதியை நிரப்பியிருந்தார்கள். பின்னர் அந்தச் சீவிய பாதியில் ஜல்லி நிறம் மாறி, கற்களுக்கு இடையே சேறு தெரிந்தது. நடுவில் ஓரிடத்தில் துணியின் விளிம்பே வெளியே வந்திருந்தது. நிரப்பிய பாதி தாங்கியது. என் சொல் நிரூபணமாகிவிட்டது என்று அறிக்கையில் எழுத எனக்கு ஆசை இருந்தது.

எழுதவில்லை, ஏனென்றால் அந்த இரண்டு பாதிகளும் ஒரே மாதிரியானவை அல்ல. சீவப்பட்ட பாதியில், துணி விரிப்பதற்கு முன்பே இடத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று புல்லையும் அதன் வேர்ப்பின்னலையும் எக்ஸ்கவேட்டரால் வழித்து எடுத்திருந்தார்கள். இவ்வளவு இளகிய மண்ணில் செடிகளையும் அடிமரங்களையும் தரை மட்டத்துக்கு வெட்டிவிட்டு வேர்ப்பின்னலை அப்படியே விட்டுவிடுவது நல்லது. அது இயல்பாகவே அமைந்த ஒரு மெல்லிய மேலோடு. அதை எடுத்த எந்திரம் தன் சங்கிலிச் சக்கரங்களாலேயே மண்ணைக் கலக்கியும் விட்டது. ஆக அந்தப் பாதி கெட்டது கிரேடராலா, வழித்ததாலா என்பதை எங்கள் குழிகளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மேஸ்திரி சொல்வது அவர் பக்கத்தில் நியாயமாகவே இருக்கிறது: “சீவாம இருந்திருந்தாலும் அந்த இடம் போயிருக்கும் சார்.” போயிருக்கலாம். வேன் சோதனைக் கருவியை எடுத்துக்கொண்டு, வழித்த பிறகு அந்த இடத்தில் ஒரு முறை சோதித்திருந்தால் இருவருக்கும் பதில் கிடைத்திருக்கும். முன்பே எடுத்த அளவு கையில் இருக்கும்போது யாரும் அதை மறுபடி எடுப்பதில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முடிவு, ஆட்களிடம் துணி இழுபடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், பிரிப்பதைப் பற்றி மட்டும் பேசினால் போதும் என்பது. அடுத்த பாதையில் அப்படியே செய்தேன். துணி மண்ணையும் கல்லையும் பிரிக்கிறது, அவ்வளவுதான் என்றேன். பள்ளத்தைப் பற்றி யாரும் வாதிடவில்லை. 75-ஐத் தொட்டதும் வண்டியை அவர்களே நிறுத்தினார்கள். ஆனால் சுருள்கள் குறையும்போல் தெரிந்ததும், ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு மீட்டர் படிய வேண்டிய துணி விளிம்புகளை 300 மி.மீ. மட்டுமே படியவிட்டு விரித்துவிட்டார்கள். கெட்டியான தரையில் அந்த 300 போதும், சி.பி.ஆர். 1 உள்ள மண்ணில் ஜல்லியைத் தள்ளும்போதே விளிம்புகள் விலகிக்கொள்ளும், அதனால்தான் ஒரு மீட்டர் கேட்கிறோம் அல்லது தைக்கச் சொல்கிறோம். ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டதற்கு, “பிரிக்கத்தானே சார், இழுக்கிறதுக்கு இல்லையே” என்றார்கள். ஜல்லியின்மேல் சேறு நேர்க்கோடுகளாக ஊறி வந்த இடங்களை அளந்து பார்த்தால், அவை துணிச் சுருளின் அகல இடைவெளியிலேயே இருந்தன.