அந்த 4,410 ரூபாய்

“எனக்குக் குறைந்த பணம் எங்கே போனது?” என்று அந்த டர்னர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை என்று நினைக்கிறேன். சண்டைக்கு வந்திருந்தால் முதலாளி கையெழுத்திட்ட கடிதத்தைக் காட்டி அனுப்பியிருப்பேன்.

எங்கள் பம்ப் கம்பெனியில் லாபப் பங்கு கொடுக்கத் தொடங்கியது அந்த ஆண்டுதான். தீபாவளி போனஸ் வேறு. அது சட்டப்படி தரவேண்டியது, மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு. இது அதற்கு மேல் முதலாளி தானாக முன்வந்து ஒதுக்கியது, உதவியாள் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும். முன்பெல்லாம் அவர் மனத்துக்குப்பட்டபடி ஆளுக்கு ஒரு கவர் கொடுப்பார். யாருடைய கவரில் எவ்வளவு என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும், பிறகு ஒரு மாதம் மனக்கசப்பு. அதை நிறுத்தச் சொல்லி அவரிடம் பலமுறை பேசியவன், கம்பெனியின் கணக்கரான நான். “ஒரே விதி, எல்லோருக்கும் அதே விதி” என்று நான்தான் சொன்னேன். 9,00,000 ரூபாயை 41 பேருக்கும் ஆண்டுச் சம்பள விகிதத்தில் பிரிப்பது என்று முடிவானது.

கணக்கு எளிமையானது. அந்த நிதியாண்டில் எல்லோருக்கும் கொடுத்த அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டினேன். வீட்டு வாடகைப்படியையும் ஓவர்டைமையும் சேர்க்கவில்லை. மொத்தம் 1,20,00,000 ரூபாய் வந்தது. ஒன்பது லட்சத்தை அதனால் வகுத்தால் 7.5 சதவீதம். ஒவ்வொருவரின் ஆண்டுச் சம்பளத்தையும் அந்த விகிதத்தால் பெருக்கினால் அவர் பங்கு. மாதம் 15,000 வாங்கும் பேக்கிங் உதவியாளுக்கு 13,500. ஆண்டுக்கு 14,40,000 வாங்கும் மேனேஜருக்கு 1,08,000. தொகையில் இடைவெளி பெரிதுதான். ஆனால் சம்பளத்திலேயே இருக்கும் இடைவெளி அது. பங்கு அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. யாருக்கும் ஒன்றரை மாதச் சம்பளமோ அரை மாதச் சம்பளமோ கிடைக்கவில்லை. ஆண்டு முழுவதும் வேலை செய்த எல்லோருக்கும் ஒரு மாதச் சம்பளத்தில் பத்தில் ஒன்பது பங்கு. இது எனக்கு நியாயமாகவே பட்டது. இப்போதும் படுகிறது.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. நடுவில் சேர்ந்தவருக்கு எத்தனை மாதம் என்று தனியாக எண்ண வேண்டாம். அக்டோபரில் சேர்ந்தவரின் சம்பளம் ஆறு மாதத்துக்குத்தானே பதிவேட்டில் இருக்கிறது, பங்கும் அதற்கேற்ப வந்துவிடும். சம்பளமில்லா விடுப்பு எடுத்தவருக்கும் அப்படியே. ஜூலையில் சம்பள உயர்வு வந்தால் அதையும் பதிவேடே பார்த்துக்கொள்ளும். எங்கேயும் யாரும் உட்கார்ந்து “இவருக்கு இவ்வளவு” என்று முடிவெடுப்பதில்லை. கவர் காலத்தைப் பார்த்தவனுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது புரியும்.

டர்னருக்கு மாதம் 20,000. முழு ஆண்டுக்கு 2,40,000, பங்கு 18,000 வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் பெயருக்கு நேரே 13,500 என்றிருந்தது. அந்த ஆண்டு லேத்தில் வேலை செய்யும்போது கையில் அடிபட்டு மூன்று மாதம் வீட்டில் இருந்தார். பணியின்போது நேர்ந்த விபத்து என்பதால் அரசுத் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. அவருக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் உதவித்தொகை கொடுத்தது. கம்பெனி அந்த மாதங்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டியதும் இல்லை. எங்கள் பதிவேட்டில் அந்த மூன்று மாதமும் சுழியம். ஆண்டுச் சம்பளம் 1,80,000 என்று ஆனது. பல ஆண்டுகளாக லேத்தில் நிற்கும் மனிதருக்கும், நேற்று வந்த பேக்கிங் பையனுக்கும் ஒரே தொகை.

பட்டியலை அச்சிடுவதற்கு முன்பே அந்த எண்ணைப் பார்த்தேன். பார்த்தும் மாற்றாமல்தான் கொடுத்தேன். ஒருவருக்காக விதியை வளைத்தால் மறுநாள் கவர் காலம் திரும்பிவிடும் என்று நினைத்தேன். கொடுக்காத சம்பளத்துக்குப் பங்கு போடுவது என்றால் அது சம்பள விகிதமே அல்ல என்றும் நினைத்தேன்.

அவரிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். “அண்ணா, இது கம்பெனி பிடித்துக்கொண்டதல்ல. ஒன்பது லட்சம் முழுவதும் கொடுத்தாகிவிட்டது. ஒருவருக்குக் குறைந்தால் அது மற்றவர்களுக்குப் பிரிந்துவிடும், கம்பெனிக்குப் போகாது.” ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்படியென்றால் உங்களுக்கும் வந்திருக்கிறது, இல்லையா சார்?”

ஆமாம், வந்திருக்கிறது. அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவருடைய மூன்று மாதச் சம்பளம் 60,000 ரூபாயையும் கொடுத்ததாக வைத்துக்கொண்டால் மொத்தம் 1,20,60,000 ஆகும். விகிதம் 7.5 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 7.46 சதவீதத்துக்கு இறங்கும். அவருக்கு 17,910 கிடைத்திருக்கும், அதாவது 4,410 ரூபாய் கூடுதலாக. அந்த 4,410 ரூபாய் எங்கள் நாற்பது பேரிடமும் இருந்தது. எங்களுக்குள் அது பிரிந்ததும் சம்பள விகிதத்தில்தான். பேக்கிங் உதவியாளுக்கு 67 ரூபாய். எனக்கு 269. மேனேஜருக்கு 537. அவருடைய கை அடிபட்டதில் அதிக லாபம் யாருக்கு என்று கேட்டால், எங்களில் அதிகச் சம்பளம் வாங்குபவருக்கு. இப்படி ஒரு விளைவை நாங்கள் யாரும் விரும்பவில்லை. ஆனால் ஒதுக்கிய தொகை நிலையாக இருக்கும்போது ஒருவரின் குறைவு மற்றவரின் கூடுதலாகத்தான் இருக்க முடியும். கணக்கு தெரிந்த எனக்கு அது தெரியாததல்ல. அதை ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே ஆறுதலாகச் சொல்லும்வரை அது எனக்கு உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதைவிட என்னை உலுக்கியது வேறொரு வரி. அதே ஆண்டில் எங்கள் வடிவமைப்புப் பொறியாளர் பைக்கிலிருந்து விழுந்து ஆறு வாரம் வரவில்லை. அது வேலையின்போது நடந்ததும் அல்ல. அவர் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாய்க்கு மேல். எனவே கம்பெனி விதிப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு கொடுத்தோம். பதிவேட்டில் அவருடைய பன்னிரண்டு மாதமும் முழுதாக இருந்தன, பங்கும் முழுதாக வந்தது. பிரசவத்துக்கும் இதே நிலைதான். இ.எஸ்.ஐ.யில் இருக்கும் வைண்டிங் பிரிவுப் பெண்ணுக்கு 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கும், எங்கள் பதிவேட்டில் சுழியம் விழும். அலுவலகத்தில் அதிகச் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு மகப்பேறு நலச் சட்டப்படி கம்பெனியே கொடுக்கும், பதிவேட்டில் சம்பளம் ஏறும். இருவரும் வராதது ஒரே காரணத்துக்காக. பணம் எந்தக் கஜானாவிலிருந்து வந்தது என்பது மட்டுமே வேறு. எல்லோருக்கும் ஒரே விதி என்று நான் பெருமைப்பட்டுக்கொண்ட அந்த விதி, 21,000 ரூபாய்க்குக் கீழே ஒரு மாதிரியும் மேலே வேறு மாதிரியும் நடந்துகொண்டிருந்தது.

இருந்தாலும் எனக்காகவும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அப்போது நடைமுறையில் இருந்த 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 14-ஆவது பிரிவு, பணியின்போது நேர்ந்த விபத்தால் வர முடியாமல் போன நாட்களை வேலை செய்த நாட்களாகவே எண்ணச் சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தில் போனஸ் தொகை கணக்கிடப்படுவது அந்த ஆண்டில் ஈட்டிய சம்பளத்தின்மேல். நாள் உண்டு, சம்பளம் இல்லை. சட்டத்துக்கே இந்த இரட்டை மனம் இருக்கும்போது ஒரு கணக்கர் கடிதத்தில் உள்ளதைச் செய்தார் என்பதில் என்ன தவறு? இப்படித்தான் மேனேஜரிடம் வாதாடினேன். அவர் எதிர்த்தே பேசவில்லை. நான் யாரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு பிரான்சு நாட்டு முறையைப் படித்தேன். அங்கே 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் லாபப் பங்கு சட்டப்படி கட்டாயம். அங்கும் சம்பள விகிதத்தில் பிரிக்கலாம். ஆனால் மகப்பேறு விடுப்பிலோ வேலை விபத்தாலோ வராதவருக்கு, வந்திருந்தால் என்ன சம்பளம் வாங்கியிருப்பாரோ அதையே கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மிக அதிகமான சம்பளங்களுக்கு உச்சவரம்பும் உண்டு. வரம்புக்கு மேல் உள்ள சம்பளத்துக்குப் பங்கு கிடையாது. விகிதம் என்பதைக் கைவிடாமலேயே எந்தச் சம்பளத்தின் விகிதம் என்று முடிவுசெய்திருக்கிறார்கள். படித்தபோது ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் எரிச்சல். நான் தேர்வே இல்லை என்று நினைத்த இடத்தில் தேர்வு இருந்திருக்கிறது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் உடனே, “4,500 ரூபாயைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்” என்றார். நல்ல மனம்தான். கருணைத்தொகை என்ற தலைப்பில் வவுச்சர் எழுதினேன். டர்னர் அதைப் படித்துவிட்டு, “இதைப் பங்கில் சேர்த்து எழுத முடியாதா?” என்று கேட்டார். முடியாது, ஒன்பது லட்சத்தில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். கவர் முறையை ஒழித்தேன் என்று நினைத்த ஆண்டில் ஒரு கவரை நானே எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த ஆண்டுக்கான விதியில் ஒரு வரி சேர்த்து முதலாளியிடம் கொடுத்திருக்கிறேன்: வேலை விபத்தாலும் மகப்பேற்றாலும் வராத நாட்களுக்கு, வந்திருந்தால் கிடைத்திருக்கும் சம்பளத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த வரிக்கு சூப்பர்வைசர் எதிர்ப்பு. தினமும் வந்தவனுக்கும் வராதவனுக்கும் ஒன்றா என்கிறார். விடுப்பே எடுக்காத மனிதர் அவர். அவர் கேட்பதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. அவரைவிட எனக்கு உறுத்துவது நான் விட்ட இடம். சாதாரண நோயை நான் சேர்க்கவில்லை. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் காய்ச்சலில் படுத்தால் 70 சதவீத உதவித்தொகை, எங்கள் பதிவேட்டில் சுழியம், பங்கிலும் குறைவு. பொறியாளர் படுத்தால் எதுவும் குறையாது. அதையும் சேர்த்தால் போலி மருத்துவச் சான்றிதழ்கள் வரும் என்று எழுதிவைத்தேன். பொறியாளரின் சான்றிதழை நான் ஒருமுறைகூடச் சந்தேகித்ததில்லை. அந்தக் குறிப்பை இன்னும் அடித்து நீக்கவில்லை, அனுப்பவும் இல்லை.