பெரிய கல்லூரியா, பிடித்த பிரிவா: பட்டியலைப் பூட்டுவதற்கு முன்

2015-இல் மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடிகாலையில் எழும்பூரில் இறங்கி, அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கலந்தாய்வுக் கூடத்தில் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அப்போதெல்லாம் நேரில்தான் போக வேண்டும். ஆன்லைன் கலந்தாய்வு 2018-இல்தான் வந்தது. திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் மிச்சமிருக்கும் இடங்கள் கண்ணெதிரே குறைந்துகொண்டே வந்தன. எனக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் ஆசை. என் முறை வந்தபோது அது நீடாமங்கலம் பக்கத்தில், திருவாரூர் மாவட்டத்தைத் தாண்டினால் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு கல்லூரியில் இருந்தது. கொங்குப் பக்கம் நல்ல பெயருள்ள ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் புரொடக்‌ஷன் இன்ஜினியரிங் இருந்தது. "பேருதான்டா கடைசி வரைக்கும் நிக்கும்" என்றார் அப்பா. சரி என்று புரொடக்‌ஷனை எடுத்துவிட்டேன்.

அந்த முடிவு தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதை எடுத்தபோது கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நாங்கள் இருவருமே கேட்கவில்லை: நான் போக நினைக்கும் வேலையின் வாசலில் கல்லூரிப் பெயரைக் கேட்பார்களா, பிரிவின் பெயரைக் கேட்பார்களா?

இதன் பதில் நான்காம் ஆண்டில் நோட்டீஸ் போர்டில் வந்தது. வேலைவாய்ப்புக்கு வந்த முதல் கம்பெனியின் சுற்றறிக்கையில், கம்ப்யூட்டர், ஐ.டி., இ.சி.இ., இ.இ.இ. மாணவர்கள் மட்டும் என்று போட்டிருந்தது. எனக்கு கோடிங் ஓரளவு வரும். ஆனாலும் தேர்வு எழுதும் அறைக்குள்ளேயே போக முடியாது. இரண்டாவதாக வந்தது ஒரு பெரிய ஐ.டி. சேவை நிறுவனம். எல்லாப் பிரிவும் வரலாம். பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும். நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது. இங்கே என் வயிற்றில் புளியைக் கரைத்தது அந்தக் கடைசி வரி. இரண்டாம் ஆண்டில் கைனமேட்டிக்ஸிலும் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸிலும் அரியர் வைத்து, ஆறாவது செமஸ்டரில்தான் முடித்திருந்தேன். இன்னும் ஒரு செமஸ்டர் இழுத்திருந்தால் அந்த வாசலும் மூடியிருக்கும். 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' கேட்கும் நிறுவனங்களும் உண்டு. அங்கே முடித்த அரியர்கூட கணக்கில் வரும்.

பிடிக்காத பிரிவின் விலை இதுதான். 'ஆர்வம் இல்லை' என்பது மனசு சம்பந்தப்பட்ட விஷயம் போலத் தெரியும். மதிப்பெண் பட்டியலில் அது அரியராக வந்து உட்காரும்.

நான் விட்ட அந்த கம்ப்யூட்டர் இடத்தில் பள்ளி நண்பன் ஒருவன் சேர்ந்தான். அவனும் கடைசியில் அதே மாதிரி ஒரு சேவை நிறுவனத்துக்குத்தான் போனான், ஏறக்குறைய அதே சம்பளத்தில். ஆனால் கம்பெனி அவன் கல்லூரிக்கு வரவில்லை. திருச்சியில் பல கல்லூரிகளைச் சேர்த்து நடத்தும் பூல் கேம்பஸுக்கு இரண்டு முறை பஸ் ஏறிப் போனான். தேதியைக்கூட அவனே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் வேலையைப் பொறுத்தவரை கல்லூரிப் பெயர் எனக்குக் கொடுத்தது கம்பெனியைக் கல்லூரி வாசலுக்குக் கூட்டிவந்ததைத்தான். அது சின்ன விஷயம் இல்லை. அதற்காகவே பலர் பெயரை எடுக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஏனென்றால் கம்ப்யூட்டர் வேலைக்குப் பக்கவாட்டில் நுழைய வழி உண்டு. வேறு பிரிவில் படித்துக்கொண்டே கற்றுக்கொள்ளலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் படிப்பவர்களுக்கு 18 கிரெடிட் கூடுதலாகப் படித்து இன்னொரு துறையில் மைனர் வாங்கும் வழியும் இருக்கிறது. ஆனால் சான்றிதழில் முதன்மைப் பிரிவு மாறாது.

எல்லாப் பிரிவுக்கும் இப்படிப் பக்கவாட்டு வழி இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. சித்தப்பா மகள் விஷயத்தில் இதுதான் முடிச்சு.

அவள் 2024-இல் பிளஸ் டூ முடித்தாள். கணிதம் 84, இயற்பியல் 88, வேதியியல் 89. கணிதத்தை முழுசாகவும் மற்ற இரண்டைப் பாதியாகவும் கூட்டினால் 84, 44, 44.5, கட்-ஆஃப் 172.5. அவளுக்கு சிவில்தான் வேண்டும், அதுவும் நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளராக. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. வெண்ணாற்றங்கரையில் வீடு, மேட்டூர் திறந்து எத்தனை நாளில் தண்ணீர் வரும், எந்த மதகில் எவ்வளவு விடுகிறார்கள் என்பதுதான் எங்கள் வீட்டில் சாப்பாட்டுப் பேச்சு. ஜீப்பில் வந்து மதகைப் பார்த்துவிட்டுப் போகும் பொறியாளரைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள்.

முந்தைய ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தோம். சென்னையில், பெயர் சொன்னாலே சொந்தக்காரர்கள் வாயைப் பிளக்கும் ஒரு கல்லூரியில் செராமிக் டெக்னாலஜி அவள் மதிப்பெண்ணை ஒட்டி வந்தது. அங்கே சிவில் எட்டாது. டெல்டாவுக்குள் இரண்டு கல்லூரிகளில் சிவில் தாராளமாகக் கிடைக்கும். சித்தப்பா செராமிக் பக்கம். "உள்ள போயிட்டா எப்படியாச்சும் சிவிலுக்கு மாத்திக்கலாம்ல?" என்றார். இந்த 'எப்படியாச்சும்' என்பதை நம்பிப் பட்டியல் போடக் கூடாது. பிரிவு மாறும் விதி ஒரு கல்லூரியில் எழுத்தில் இருந்தாலும், அது முதலாண்டில் மேலே நிற்கும் சிலருக்கும், காலியாகும் ஓரிரு இடங்களுக்கும்தான். இருக்கும் பிரிவிலேயே நான்கு வருடம் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டும்.

டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கை ஒன்றைத் திறந்து சித்தப்பாவிடம் காட்டினேன். உதவிப் பொறியாளர் சிவில் பணியிடத்துக்குக் கல்வித்தகுதி சிவில் பட்டம். எந்தக் கல்லூரி என்று அந்த வரியில் கேட்கவே இல்லை. செராமிக் படித்தவர் எவ்வளவு பெரிய கல்லூரியில் படித்திருந்தாலும் அந்த விண்ணப்பத்தை நிரப்ப முடியாது. அவர் குரூப் 1 எழுதலாம், அதற்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். மதகுக்கு வரும் பொறியாளர் ஆக முடியாது. பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணிக்கும் இதே கதைதான், பிரிவு பொருந்த வேண்டும். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

ஆக, பிரிவுதான் என்று முடிவாயிற்று. அப்புறம் எந்தக் கல்லூரி? இங்கேதான் பலர் அசந்துவிடுகிறார்கள். பிரிவு கிடைத்தால் போதும் என்று வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைப் போட்டுவிடுவார்கள். இரண்டில் ஒன்று எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். இன்னொன்றுக்கு ஒன்றேகால் மணி நேரம்.

இரண்டுக்கும் நேரில் போனோம். விளம்பரப் பலகையில் போட்டிருக்கும் வேலைவாய்ப்பு எண்களை நான் பார்க்கவே இல்லை. ஒரே மாணவர் மூன்று ஆஃபர் வாங்கினால் அதை மூன்று என்று போடும் வழக்கம் உண்டு. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரி கொடுத்த விவரம் அதன் இணையதளத்தில் பி.டி.எஃப்.ஆக இருந்தால் அது பரவாயில்லை. எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் என்ன என்று இருக்கும். ஆனால் எல்லாப் பிரிவையும் கலந்த கணக்கு அது. சிவிலைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லாது. தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி சதவீதப் பட்டியல் இன்னும் நேர்மையானது. எல்லாரும் ஒரே வினாத்தாளை எழுதியவர்கள்.

எங்களுக்கு முடிவைக் காட்டியது வேறு ஒன்று. பக்கத்துக் கல்லூரியில், இரண்டாம் ஆண்டு சிவிலில் எத்தனை பேர் என்று வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம் கேட்டோம். "ஒன்பது பேர்ணே" என்றான். சர்வே லேபில் டோட்டல் ஸ்டேஷன் என்கிற நில அளவைக் கருவி இருக்கிறதா என்றேன். இருக்கிறதாம், பெட்டிக்குள். பேட்டரி போய் ஒரு வருடம் ஆகிறதாம், சார் படம் போட்டு விளக்கினாராம். ஒன்பது பேருக்காக எந்த நிர்வாகமும் கருவியைப் பழுது பார்க்காது, போன ஆசிரியருக்குப் பதில் ஆள் எடுக்காது. சேர்க்கை இப்படியே போனால் பிரிவையே மூடுவார்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குப் பாடம் நடக்கும், ஆனால் பெயருக்குத்தான் நடக்கும். தூரத்துக் கல்லூரியில் வகுப்பில் நாற்பது பேருக்கு மேல். நாங்கள் போன அன்று வெயிலில் நான்கு மாணவிகள் மைதானத்தில் லெவலிங் ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி சொல்ல ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது போதும்.

இனி, கலந்தாய்வில் கொடுக்கும் விருப்பப் பட்டியல். கணினி உங்கள் ஆசையை ஊகிக்காது. உங்கள் தரவரிசை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடும். சித்தப்பா, "சும்மா மேல செராமிக்க போட்டு வைப்போம், கிடைச்சா பாத்துக்கலாம்" என்றார். கிடைத்தால் பார்த்துக்கொள்ள எதுவும் இருக்காது, கீழே உள்ள சிவில் உங்கள் கையை விட்டுப் போயிருக்கும். ஒதுக்கீடு வந்தபின், ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்காகக் காத்திருக்கும் 'அப்வர்ட்' வாய்ப்பிலும் இதே கண்ணிதான். மேலே ஒன்று காலியானால் தானாக அங்கே நகர்ந்துவிடுவீர்கள், கீழே இருந்தது போய்விடும். வேண்டாததை மேலே வைக்கவே கூடாது.

கடைசியில் அவள் பட்டியலில், எட்டாது என்று தெரிந்தும் மூன்று பெரிய கல்லூரிகளின் சிவில் மேலே. எட்டாததை மேலே போடுவதால் எந்த நட்டமும் இல்லை. அடுத்து தூரத்துக் கல்லூரியின் சிவில். அதன்கீழ் வேறு மாவட்டங்களில் இன்னும் ஐந்து சிவில். ஒன்பது பேர் கல்லூரியைப் போடவில்லை. செராமிக் எங்குமே இல்லை.

இந்த வழிக்கும் ஒரு விலை இருக்கிறது, அதை அவளிடம் மறைக்கவில்லை. அந்தக் கல்லூரிக்குச் சிவில் கம்பெனிகள் அவ்வளவாக வருவதில்லை. தேர்வில் தேறாவிட்டால் சைட் இன்ஜினியராகக் குறைந்த சம்பளத்தில் தொடங்க வேண்டியிருக்கும், தேர்வு அறிவிக்கையும் ஆண்டுதோறும் நிறைய இடங்களோடு வரும் என்று இல்லை. அவள் கேட்டுக்கொண்டு, கேட் தேர்வையும் சேர்த்தே படிக்கிறேன் என்றாள். சிவில் பாடம் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான்.

தூரத்துக் கல்லூரியே கிடைத்தது. காலை ஆறே முக்காலுக்குப் பஸ். சித்தப்பா மட்டும் கல்யாண வீடுகளில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், "மெட்ராஸ்லயே கிடைச்சிருக்கும், நாங்கதான் போடல."