வான்கதவு திறக்கும் இரவில் ஒரேயொரு கீ

மாரி தொடங்கினால் கிளிநொச்சியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இரணைமடு இப்போது எத்தனை அடி? குளங்களின் நீர்மட்டத்தைக் காட்டும் தளம் ஒன்றை எங்கள் சிறு குழு பராமரிக்கிறது. வான்கதவு திறக்கப் போகிறார்கள் என்ற பேச்சு பரவினால் கண்டாவளை, முரசுமோட்டைச் சனம் மட்டுமல்ல, வெளிநாட்டில் இருக்கும் அவர்களின் பிள்ளைகளும் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறப்பார்கள். அந்தப் பக்கம், டேட்டாபேஸ் தந்த மதிப்பைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும் ரெடிஸ் கேஷில் இருந்த ஒரேயொரு கீயை நம்பியிருந்தது. அதன் ஆயுள் 60 விநாடி.

விநாடிக்கு 400 கோரிக்கை வருகிறது என்று வையுங்கள். கீ காலாவதியானதும் டேட்டாபேஸில் இருந்து புதிதாக எடுக்க 2 விநாடி ஆகும். அதற்குள் வரும் 800 பேருக்கும் கேஷ் வெறுமை. ஆகவே ஒரே குவெரி 800 தடவை ஓடும். அந்தச் சுமையில் 2 விநாடி 20 ஆகிவிடும், பின்னால் இன்னும் ஆயிரக்கணக்கில் சேரும். "அண்ணை, டேட்டாபேஸ் படுத்திட்டுது" என்று தம்பி ஒருவன் கூப்பிட்டபோது கிராஃபில் நிமிடத்துக்கு ஒரு முள் நின்றது. வெறும் கூட்டம் என்றால் சுமை தொடர்ந்து ஏறியே இருக்கும். கீயின் ஆயுளும் முட்களின் இடைவெளியும் ஒத்துப்போனால் காரணம் கீ காலாவதியாவதுதான், சந்தேகமே வேண்டாம்.

ஆயுளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக் கலைத்துவிடலாம் என்றார்கள். பல கீகள் ஒன்றாகக் காலாவதியானால் அது உதவும். ஒரே கீக்கு உதவாது, எப்போது முடிந்தாலும் நெரிசல்தான்.

சரி, பழைய மதிப்பை அழியவே விடக்கூடாது. ரெடிஸில் ஆயுளை 1 மணித்தியாலமாக்கி, "60 விநாடியில் புதுப்பி" என்ற நேரத்தை மதிப்புக்குள்ளேயே எழுதினோம். அந்த நேரம் தாண்டியதைக் காணும் ஒவ்வொரு கோரிக்கையும் பூட்டைக் கேட்கும்:

```
SET lock:iranamadu 7f3a NX PX 10000
```

NX இருப்பதால் பூட்டு ஏற்கெனவே இருந்தால் வேறு யாருக்கும் கிடைக்காது. கிடைத்த ஒருவர் மட்டும் டேட்டாபேஸுக்குப் போவார். மற்றவர்கள் காத்திருக்காமல் பழைய மதிப்பையே பெறுவார்கள். பூட்டை எடுத்த சேர்வர் இடையில் செத்தாலும், PX 10000 மில்லிவிநாடி என்பதால், 10 விநாடியில் பூட்டு தானாக விடுபடும். அந்த 10 விநாடி, குவெரியின் மிக மோசமான நேரத்தைவிடக் கூடவாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இரண்டாமவரும் உள்ளே வந்துவிடுவார். விடுவிக்கும்போது பூட்டிலுள்ள அடையாளம் (இங்கே 7f3a) தன்னுடையதா என்று பார்த்தே அழிக்கவேண்டும்.

நீர்மட்டம் 1 நிமிடம் பழையதாக இருந்தால் பாதகமில்லை, அளந்த நேரம் பக்கத்திலேயே இருக்கிறது. கதவு திறந்த செய்தி அப்படியல்ல. அதைப் பதிந்ததும் கீயை DEL செய்வதுதான் வழக்கம், ஆனால் சனம் குவியும் அந்த நொடியிலேயே கீயை அழிப்பது நெரிசலை நாமே வரவழைப்பதாகும். இப்போது பதிந்த கையோடு புதிய மதிப்பை SET மூலம் மேலெழுதுகிறோம்.

மீதமிருப்பது ரெடிஸ் மறுதொடக்கம். அப்போது கொடுக்கப் பழைய மதிப்பே இல்லாமல் போகலாம். அதனால் கீயை நிரப்பிய பிறகே தளத்துக்குப் போக்குவரத்தைத் திறந்துவிடுகிறோம்.