பழைய ஏற்காடு பதிவ தூசி தட்டி போடுறேன்

2019ல எழுதின ஏற்காடு பைக் பதிவ திரும்ப போடப் போறேன், பழைய ஆளுங்க "இத படிச்சாச்சே"ன்னு கோச்சுக்காதீங்க, அப்ப இங்க இருந்தது நம்ம சேலத்து ஃப்ரெண்ட்ஸ் மட்டும்தான், இப்ப சேந்திருக்கிறவங்க முக்காவாசி பேரு வெளியூரு, அவங்க கண்ணுலயே அது பட்டிருக்காது.

பழச எடிட் பண்ணி விட்டா போதாதான்னு தம்பி கேட்டான். எடிட் பண்ணா அது பழைய தேதியிலயேதான் கெடக்கும், புதுசா யார் ஃபீடுக்கும் போகாது. ஷேர் பண்ணலாம், ஆனா உள்ள 2019 ரேட்டு அப்படியே இருக்கும், அத நம்பி குடும்பத்தோட வந்து எறங்குறவன் நம்மளத்தான் திட்டுவான்.

அதனால காப்பி பண்ணி புதுப் பதிவாவே எழுதுறேன். 20 கொண்டை ஊசி வளைவு, எறங்குறப்ப சின்ன கியர்ல வரணும், பிரேக்க புடிச்சுக்கிட்டே வந்தா சூடாகி புடிக்காம போயிரும், இதெல்லாம் எப்பவும் மாறாது, கை வைக்கல. படகு கட்டணத்த தூக்கிட்டேன், எப்படியும் மாறும். போன் நம்பர் ஒவ்வொண்ணா அடிச்சுப் பாத்து, எடுக்காதத அழிச்சாச்சு.

உருப்படியான விஷயம் பழைய கமெண்ட்ல இருந்துச்சு. "மழையில மண் சரிஞ்சு ரோட்ட மூடிட்டா?"ன்னு நெறைய பேரு கேட்டு, குப்பனூர் வழி இருக்குன்னு கீழ பதில் போட்டிருந்தேன். கமெண்ட யாரு தோண்டிப் படிப்பா, அது இப்ப ரெண்டாவது பாராவுலயே வந்துருச்சு.

மேல "2019 பதிவு, இப்ப சரிபார்த்தது"ன்னு போட்டுருவேன். நாளைக்கு காலைல வரும்.