மூன்று சுழி ‘ண’ விரலுக்குத் தெரிய வேண்டும்: புடைப்பு எழுத்துச் சில்லு ப்ராஜெக்ட் எடுப்பவர்களுக்கு

பெங்களூருவில் புராடக்ட் டிசைன் படிப்பின் ஆறாவது செமஸ்டர் ப்ராஜெக்டாக, நாலைந்து வயதுக் குழந்தைகள் விரலால் தடவிப் பழகும் தமிழ் எழுத்துச் சில்லுகளைச் செய்தேன். அல்சூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்தும் ஒரு டீச்சர்தான் கேட்டார். அங்கே வரும் பிள்ளைகள் வாரம் முழுக்கப் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறவர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று 31 சில்லு போதும் என்றார். அடுத்த வருடம் இதே மாதிரி தலைப்பை எடுக்க நினைப்பவர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். 3டி பிரிண்டரை இயக்கக் கற்றுக்கொள்வது இதில் சின்ன வேலை. எழுத்தின் வடிவமும் ஓரமும் அளவும்தான் நேரத்தை விழுங்கும்.

முதலில் அளவு. பொம்மைப் பாதுகாப்புக்கு நம் நாட்டுத் தரம் ஐஎஸ் 9873. அதில் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க ஓர் உருளை உண்டு. உள்விட்டம் 31.7 மி.மீ., அடி சாய்வாக இருக்கும், ஆழம் ஒரு பக்கம் 25.4, எதிர்ப்பக்கம் 57.1 மி.மீ. எந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தாலும், அழுத்தாமலேயே முழுதாக அதற்குள் அடங்கிவிடும் பொருள் தொண்டையில் சிக்கக்கூடிய சிறு பாகம் என்று கணக்கு. நம் சில்லு நாலு வயதுக்குத்தானே என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு வீட்டில் ஒன்றரை வயதுத் தம்பி இருப்பான், கைக்குக் கிடைத்தது எல்லாம் அவன் வாய்க்குத்தான் போகும்.

இந்த உருளையை நீங்களே பிரிண்ட் செய்துகொள்ளலாம், ஆனால் ஒரு விஷயம். 3டி பிரிண்டரில் துளைகள் வரைந்ததைவிடக் கொஞ்சம் சிறுத்தே வரும். உருளை சிறுத்தால் ஆபத்தான துண்டுகூட உள்ளே போகாமல் நின்று ‘பாஸ்’ ஆகிவிடும். அதனால் வெர்னியர் காலிப்பரால் உள்விட்டத்தை அளந்து 31.7 வரும்வரை வரைபடத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

நான் வைத்துக்கொண்ட அளவு: அகலம் 60, உயரம் 72, அடிப்பலகையின் கனம் 5 மி.மீ. முழுச் சில்லு உருளைக்குள் போகாது என்பது பார்த்தாலே தெரியும். கேள்வி, உடைந்தால் என்ன ஆகும் என்பது. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் 30×72 துண்டு. அகலம் உள்ளே நுழையும், ஆனால் 72 மி.மீ. நீளம் ஆழத்தைத் தாண்டி வெளியே நிற்கும். குறுக்கே உடைந்தால் 60×36, அது நுழையவே நுழையாது. கால்வாசித் துண்டு 30×36. அது உள்ளே அடங்கிவிடும். ஆக, சில்லு இரண்டாகவே உடையாதபடி செய்தாக வேண்டும். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வியும் இதுதான்.

இந்த இடத்தில் பிலமென்ட், அதாவது பிரிண்டர் உருக்கி அடுக்கும் பிளாஸ்டிக் இழை, எது என்பது முக்கியமாகிறது. எல்லோரும் பிஎல்ஏவில் தொடங்குவார்கள், பிரிண்ட் அழகாக வரும். ஆனால் அது உடையும்போது கூரான முனையோடு படக்கென்று உடையும். 60 டிகிரி பக்கம் இளகிவிடும், வெந்நீரில் கழுவ முடியாது, வெயிலில் நிற்கும் காரில் வைத்தாலும் வளையும். பெட்ஜி அப்படியல்ல. வளைத்தால் முதலில் அந்த இடம் வெளுத்துக் காட்டும், உடைவது அப்புறம்தான். எஸ்.பி. ரோட்டில் இரண்டுமே கிடைக்கும், நான் பெட்ஜி வாங்கினேன். வடிவத்தை அடுக்குகளாக வெட்டித் தரும் ஸ்லைசர் மென்பொருளில் சுற்றுச் சுவர் நான்கு வரி, உள்நிரப்பு 40 சதவீதம். பிரிண்ட் ஆனதும் தலை உயரத்திலிருந்து தரையில் மூலை படும்படி போட்டுப் பாருங்கள், பிறகு இரு கையாலும் வளைத்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்த சில்லு குழந்தை கைக்குப் போகக் கூடாது.

பெட்ஜிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, நூல் விடும். எழுத்தின் சுழிகளுக்கு நடுவே முடி மாதிரி இழைகள் நிற்கும். அதிலிருந்துதான் எழுத்தின் வடிவத்துக்கு வருகிறோம்.

இரண்டு சுழி ‘ன’, மூன்று சுழி ‘ண’ என்று சொல்லித்தான் நாம் எல்லோரும் படித்தோம். கண்ணை மூடிக்கொண்டு தடவும் பிள்ளைக்கு அந்தச் சுழிகளை எண்ண முடிய வேண்டும். தடித்த எழுத்துருவை எடுத்தால் கணினித் திரையில் கம்பீரமாக இருக்கும், ஆனால் கோடு தடிக்கத் தடிக்கச் சுழியின் உள்வெளி குறுகிவிடும். ஒரு மி.மீ. இடைவெளியை நூலும் பிசிறும் அடைத்துவிடும். விரலுக்கு ‘ண’வும் ‘ன’வும் ஒரே மேடாகத்தான் தெரியும். “அக்கா, இதுல எத்தனை சுழி?” என்று பிள்ளை கேட்டால் எழுத்துருதான் தப்பு.

நான் Noto Sans Tamil எழுத்துருவின் சாதாரணத் தடிமனையே எடுத்துக்கொண்டேன். ‘க’வின் உடல் 28 மி.மீ. உயரம், கோடு ஏறக்குறைய 4 மி.மீ., எந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே குறைந்தது 3 மி.மீ. ‘ண’ எழுதிப் பார்த்து அதன் சுழி இடைவெளியை அளந்து, அது 3 மி.மீ. வரும் அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டு, அதே அளவை மற்ற எல்லாவற்றுக்கும் வைத்தேன். ‘ட’வில் தொடங்கினால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும், ‘ண’ வரும்போது முட்டும். ‘ஔ’ மாதிரி அகலமான எழுத்து 60 மி.மீ. அகலத்தில் அடங்காது. அதை நசுக்காமல் சில்லை வேண்டிய அளவுக்கு அகலமாக்கினேன். எழுத்தை நசுக்கினால் பிள்ளை பழகும் கையெழுத்தே நசுங்கிவிடும்.

அடுத்தது புள்ளி. எனக்கு அதிகம் பிடித்ததும் அதிகம் படுத்தியதும் இதுதான். கன்னடத்தில் மெய்யைக் காட்டும் குறி எழுத்தோடு ஒட்டியே வரும், நம் புள்ளி தனியாக மேலே நிற்கும். ஒவ்வொரு எழுத்தையும் சில்லின் நடுவில் பொருத்தும்படி விட்டால், ‘க்’ என்று போடும்போது புள்ளிக்கும் சேர்த்து இடம் வேண்டுமென்று ‘க’ கீழே இறங்கிவிடும். ‘ங்’குக்கு வேறு இடம், ‘ர்’ கால் நீட்டுவதால் அதற்கு வேறு இடம். சில்லுகளை வரிசையாக வைத்தால் எழுத்துகள் ஏறி இறங்கி நிற்கும். அதனால் எல்லாச் சில்லிலும் எழுத்து உட்காரும் அடிக்கோடு கீழ் விளிம்பிலிருந்து 22 மி.மீ. என்று நிலைநிறுத்தி, மேலே புள்ளிக்கான இடத்தை எப்போதும் காலியாக விட்டேன், புள்ளியே இல்லாத உயிரெழுத்துக்கும்கூட.

எழுத்துருவிலிருந்து வரும் புள்ளி இந்த அளவில் குட்டித் தூணாக நிற்கும். பிரிண்டர் அடுக்கடுக்காக ஏற்றுவதால் தூண் அடுக்குக்கு அடுக்கு விட்டுக்கொடுக்கும், பல் பட்டால் பெயரலாம். பெயர்ந்தால் அதுவும் சிறு பாகம்தான். ஆகவே எழுத்துருவின் புள்ளியை விட்டுவிட்டு, 6 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. உயரமும் உள்ள கவிழ்த்த கிண்ணம் போன்ற குமிழை நானே வைத்தேன். அதன் கீழ்ப்பாதி அடிப்பலகைக்குள் புதைந்திருப்பதால் நகத்தால் நெம்பப் பிடி கிடைக்காது. ‘ஃ’க்கும் இதே குமிழ் மூன்று. ‘ஈ’யின் இரண்டு குறிகளையும் இதே கண்ணோடு பாருங்கள்.

வடிவத்தை நிரலாக எழுதி உருவாக்கும் OpenSCAD மென்பொருளில் நான் எழுதிய நிரலின் முக்கியப் பகுதி இது, ‘க்’ சில்லுக்கு:

```
$fn = 48;
w = 60; h = 72;

hull() for (x=[8,w-8], y=[8,h-8]) translate([x,y,0]) {
  cylinder(r1=7, r2=8, h=1);
  translate([0,0,3]) rotate_extrude()
    translate([6,0]) circle(r=2);
}

for (i=[0:4]) translate([w/2,22,4.8])
  linear_extrude(height=1.2+i*0.25)
    offset(r=0.4-i*0.15)
      text("க", size=26, font="Noto Sans Tamil",
           halign="center", valign="baseline",
           language="ta", script="Taml");

translate([w/2,58,5]) scale([3,3,2]) sphere(1);
```

`size=26` என்பது எழுத்தின் நிஜ உயரம் அல்ல. வந்த வடிவத்தை அளந்து, ‘க’ 28 மி.மீ. ஆகும்வரை அந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்துரு கணினியில் இல்லையென்றால் வேறொன்றை அதுவே எடுத்துக்கொள்ளும், எனவே எழுத்தைக் கண்ணாலும் ஒரு முறை சரிபார்க்கவும்.

முதல் பகுதியைக் கொஞ்சம் நின்று பாருங்கள், ஓரம் அங்கேதான் தீர்மானமாகிறது. மூலைகள் 8 மி.மீ. வளைவு, மேல் ஓரம் 2 மி.மீ. உருண்டை. கீழ் ஓரத்தை மட்டும் உருட்டவில்லை, 1 மி.மீ. சரிவாகச் சீவியிருக்கிறது. கீழேயும் உருட்டினால் முதல் சில அடுக்குகள் அந்தரத்தில் தொங்கி, பிசிறுபிசிறாக வரும். சீவாமல் நேராக விட்டாலும் வம்புதான். முதல் அடுக்கு சூடான தட்டில் நசுங்கி வெளியே பிதுங்கும், அந்த மெல்லிய உதடு விரலைக் கீறும். 45 டிகிரிச் சரிவு இரண்டு தொல்லையையும் தீர்க்கிறது. அப்படியும் சந்தேகம் இருந்தால் பழைய நைலான் துணியை ஓரத்தில் இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் அந்த இடத்துக்கு உப்புத்தாள் தேவை.

இரண்டாம் பகுதி எழுத்தின் மேல் ஓரத்தை ஐந்து படியாகக் குறுக்குகிறது. பலகைக்கு மேல் எழுத்தின் உயரம் 2 மி.மீ. அதற்கு மேலே போனால் விரல் கோட்டின் மேல் போகாமல் பக்கவாட்டில் வழுக்குகிறது, ஒரு மி.மீட்டருக்குக் குறைந்தால் அடுக்குகளின் சொரசொரப்போடு குழம்பிவிடுகிறது.

நிறத்துக்கு பெயின்ட் வேண்டாம். வாயில் வைக்கும் பொருளில் பெயின்ட் பூசினால் அதில் என்ன உலோகம் இருக்கிறது என்று தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கும். பலகை 5 மி.மீட்டரில் முடிவதால், 0.2 மி.மீ. அடுக்கில் 25ஆவது அடுக்கு முடிந்ததும் ஸ்லைசரில் ஒரு நிறுத்தம் வைத்து பிலமென்ட்டை மாற்றினால் போதும், எழுத்தும் புள்ளியும் வேறு நிறத்தில் ஏறும். பின்பக்கம் ஃபிரிட்ஜில் ஒட்டக் காந்தம் வைக்கச் சொல்வார்கள். கழன்ற காந்தங்களில் இரண்டை விழுங்கினால் அவை குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளையிட்டுவிடும். நான் வைக்கவில்லை.

கழுவ வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். அடுக்குகளின் இடுக்கில் எச்சில் தங்கும் என்பதால் மென்மையான பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

வகுப்புக்கு இலவசமாகக் கொடுப்பது வேறு, விற்பது வேறு. பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மையைக் கடைக்குக் கொண்டுபோக ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும், வீட்டில் அச்சிட்ட உருளையில் போட்டுப் பார்த்தது அதற்கு ஈடாகாது. ரிப்போர்ட்டில் இதை ஒரு பத்தி எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் வைவாவில் அதையும் கேட்பார்கள். வைவாவுக்குப் போகும்போது நல்ல சில்லுகளோடு, வளைத்து வெளுத்தது ஒன்று, சுழி அடைபட்ட ‘ண’ ஒன்று, உருளை ஒன்று என்று தனிப் பையில் எடுத்துப் போங்கள். என்னுடைய எக்ஸ்டர்னல் பிரசென்டேஷனைவிட அந்தப் பையைத்தான் அதிக நேரம் பார்த்தார்.