இடுப்புக்குள் ரத்தக்கட்டி: கர்ப்பத்தில் நான் ஹெப்பாரின் ஊசி போட்ட கதை

கர்ப்பத்தின் 24-ஆவது வாரத்தில் என் இடுப்புக்குள் இருக்கும் பெரிய சிரை ஒன்றில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டது. கால் வீக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் அது தெரியவே வந்திருக்காது. எப்படித் தெரிந்தது, பிறகு எப்படி ஊசியோடு பிரசவம் வரை போனேன் என்பதை, இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

22-ஆவது வாரத்தில் எனக்குச் சிறுநீரகத் தொற்று வந்தது. குளிர் காய்ச்சல், வாந்தி, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக். மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். படுத்த படுக்கைதான், தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆன பிறகு இடது புட்டத்தின் கீழே ஒரு வலி ஆரம்பித்தது. அங்கிருந்து தொடை இடுக்கு வழியாக முன்பக்கத்துக்கு இறங்கியது. படி ஏறினால் கால் கனத்தது. "ஆறாம் மாசத்துல நரம்பு இழுக்கும், எனக்கும் இருந்துச்சு" என்றார் அம்மா. முதலில் பார்த்த டாக்டரும் அதையே சொன்னார். இரண்டு காலும் சாயங்காலம் வீங்குகிறதே என்றேன். கர்ப்பத்தில் அது இயல்புதான், உயர வைத்துப் படுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னதில் பாதி சரி. கர்ப்பத்தில் இரண்டு காலும் வீங்குவது மிகச் சாதாரணம். உடம்பில் நீர் தேங்குகிறது, வளரும் கருப்பை காலிலிருந்து மேலே வரும் சிரைகளை அழுத்துகிறது. அதனால்தான் வீக்கம் நம்மை ஏமாற்றுகிறது. வீங்கியிருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி கிடையாது. கட்டி இருப்பவருக்கோ, எல்லோரும் எதிர்பார்க்கும் கெண்டைக்காலில் வீக்கம் தெரியாமலே போகலாம்.

வலி கூடிக்கொண்டே போனதால் வேறொரு மகப்பேறு டாக்டரிடம் போனேன். அவர் காலைத் தொடுவதற்கு முன்பே "எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். இடது என்றதும் அளவு நாடாவை எடுத்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கும் இடத்திலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் அளந்தார். இடது 39.5, வலது 38.5. இரண்டு கால்களுக்கும் நடுவில் 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் வழக்கமாகச் சந்தேகப்படுவார்கள். எனக்கு ஒன்றுதான். அவர் அத்தோடு நிறுத்தாமல் நாடாவைத் தொடைக்குக் கொண்டுபோனார். அங்கே இடது கால் 4 செ.மீ. கூடுதல். மேலிருந்து பார்க்கும்போது எனக்கு அது தெரியவே இல்லை. வயிறு மறைக்கும்போது தொடையை யார் பார்க்கிறார்கள்?

ஏன் இடது என்று கேட்டேன். பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். வலது காலுக்குப் போகும் தமனி, இடது காலிலிருந்து மேலே வரும் சிரையின் மீது குறுக்கே கடந்துதான் போகிறது. கர்ப்பத்தில் கருப்பையும் சேர்ந்து அழுத்த, தண்ணீர்க் குழாயை மிதித்த மாதிரி அந்த இடத்தில் ஓட்டம் மந்தமாகிறது. பிரசவத்தில் ரத்தம் வீணாகாமல் இருக்க, உடம்பு உறையும் சக்தியையும் கூட்டி வைத்திருக்கிறது. அதனால் கர்ப்பிணிகளுக்குக் காலில் கட்டி வந்தால் பத்தில் எட்டுக்கும் மேல் இடது பக்கம்தான். அதுவும் தொடையிலும் இடுப்புக்குள்ளும் வருவது மற்றவர்களைவிட அதிகம். இடுப்புக்குள் அடைத்தால் முதுகு, புட்டம், தொடை இடுக்கு என்று வலி மேலே இருக்கும், கெண்டைக்கால் சும்மா இருக்கும்.

கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை செய்துவிடலாமா என்று என் கணவர் கேட்டார். டாக்டர் வேண்டாம் என்றார். ஒரு சிக்கலும் இல்லாத கர்ப்பத்திலேயே அது மாதாமாதம் ஏறும். கூடுதலாக வந்தால் கட்டி என்றும் சொல்ல முடியாது, அதை மட்டும் வைத்து விட்டுவிடவும் முடியாது. நேரே டாப்ளர் ஸ்கேன்தான். ஸ்கேனுக்கு நேரம் கிடைப்பதற்குள், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியில் முதலாவதைப் போட்டுவிட்டார். பலமாகச் சந்தேகம் இருந்து, ரத்தப்போக்கு அபாயமும் இல்லையென்றால், முடிவு வரும் வரை காத்திருப்பதைவிட ஊசியைத் தொடங்கிவிடுவதுதான் முறையாம். கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

முதல் ஸ்கேன் என்னைக் குழப்பிவிட்டது. தொடை இடுக்கிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கருவியை வைத்து அழுத்துவார்கள். சிரை முழுசாக நசுங்கினால் அந்த இடத்தில் கட்டி இல்லை. எனக்கு எல்லா இடத்திலும் நசுங்கியது. அப்பாடா என்று எழுந்திருக்கப் போனேன். ஸ்கேன் டாக்டர் "கொஞ்சம் இருங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றார். வலது தொடைச் சிரையில் ஓட்டத்தின் அலை மூச்சோடு ஏறி இறங்கியது. இடது பக்கம் ஒரே சீராக, தட்டையாக ஓடியது. மேலே எங்கோ அடைப்பு இருந்தால்தான் அப்படி இருக்கும். இடுப்புக்குள் இருக்கும் சிரையைக் கருவியால் அழுத்திப் பார்க்க வழியில்லை, வயிறு குறுக்கே நிற்கிறது. எனவே சாயம் எதுவும் ஏற்றாமல் எம்ஆர்ஐ எடுத்தார்கள். இடது இடுப்புச் சிரையில் கட்டி இருந்தது.

எம்ஆர்ஐ எல்லோருக்கும் உடனே கிடைக்காது. கால் ஸ்கேன் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையென்றால், 3-ஆம் நாளும் 7-ஆம் நாளும் அதே ஸ்கேனைத் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு தடவை "நார்மல்" என்று வந்த காகிதத்தோடு விஷயம் முடிந்துவிடாது என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

பிறகுதான் என் பழைய ஃபைலைப் புரட்டினேன். பிரிட்டனின் ராயல் மகப்பேறு, மகளிர் மருத்துவக் கல்லூரி 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கட்டி வரும் அபாயத்தைக் கணக்கிட ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. என் முதல் பரிசோதனையின்போது எனக்கு வயது 36, அதற்கு 1. எடை 78 கிலோ, உயரம் 160 செ.மீ., உடல் எடைக் குறியீடு 30-ஐத் தாண்டியது, அதற்கு 1. ஆக மொத்தம் 2. கர்ப்பத்தில் 3 வந்தால் 28-ஆவது வாரத்திலிருந்தும், 4 வந்தால் உடனேயும், கட்டி வராமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைப் பற்றி யோசிக்க வேண்டும். 2 என்றால் ஊசி தேவையில்லை. அது வரைக்கும் சரி. ஆனால் தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்தபோது தொற்றுக்கு 1, படுக்கைக்கும் நீர்ச்சத்து இழப்புக்கும் 1 கூடி 4 ஆகிவிட்டது. மருத்துவமனையில் சேரும் ஒவ்வொரு முறையும், பிரசவம் ஆனதும் இன்னொரு முறையும் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். அந்த மருத்துவமனையில் போடவில்லை. ஃபைலில் முதல் வருகையில் எழுதிய அந்த 2 மட்டும் அப்படியே நின்றது. எனக்கு இன்றும் இதில்தான் கோபம்.

எனக்குக் கொடுத்தது எனாக்ஸபாரின், குறைந்த மூலக்கூறு எடை கொண்ட ஹெப்பாரின் வகை. இது நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தைக்குப் போவதில்லை. வார்ஃபரின் மாத்திரை தாண்டிப் போகும், கருவைப் பாதிக்கும். புதிதாக வந்திருக்கும் ரத்தம் உறையாமை மாத்திரைகளையும் கர்ப்பத்தில் தவிர்க்கிறார்கள். கிலோவுக்கு 1 மி.கி. வீதம் ஒரு நாளைக்கு இரண்டு முறை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் இருந்த 78 கிலோவை வைத்து 80 மி.கி. என்று முடிவானது. சில டாக்டர்கள் எடை கூடக்கூட அளவையும் மாற்றுவார்கள். தொடங்குவதற்கு முன் தட்டணுக்களையும் சிறுநீரகத்தையும் பார்த்தார்கள். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் மருந்து உடம்பில் தங்கிவிடும், அளவைக் குறைக்க வேண்டும்.

ஊசி போட நர்ஸ் கற்றுக்கொடுத்தார். "வயித்துல போட்டா பாப்பாவுக்குக் குத்திடாதா சிஸ்டர்?" என்று கேட்டேன். சிரித்தார். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்போடு ஊசி நின்றுவிடும். தொப்புளுக்கு 5 செ.மீ. தள்ளி, பக்கவாட்டில், தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, ஊசியை நேராக முழுசாக இறக்கி, மெதுவாக அழுத்தி, வெளியே எடுத்த பிறகுதான் மடிப்பை விட வேண்டும். சிரிஞ்சில் இருக்கும் காற்றுக்குமிழைத் தட்டி வெளியேற்றக் கூடாது, மருந்தும் சொட்டிப்போகும். எனக்கு முழு சிரிஞ்ச் என்பதால் அப்படியே போட்டேன். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கன்றிப்போகும். தேய்க்காமலே சில நாள் கன்றத்தான் செய்தது. காலை இடது பக்கம், இரவு வலது பக்கம் என்று மாற்றிக்கொண்டேன். வயிறு இறுகிய கடைசி மாதங்களில் தொடையின் வெளிப்பக்கம் போட்டுக்கொண்டேன். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடக் கூடாது. சந்தேகம் என்றால் போன் செய்து கேட்க வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளைக் கேட்காமல் தொடக் கூடாது.

அம்மா காலை நீவிவிட வந்தபோது வேண்டாம் என்று தடுத்தேன். நடக்கலாமா என்று பயமாக இருந்தது. ஊசி தொடங்கிய பிறகு நடப்பதில் தவறில்லை, படுத்தே கிடப்பதுதான் கெடுதல் என்றார் டாக்டர். திடீரென்று மூச்சுவாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினால், இருமலில் ரத்தம் வந்தால், மயக்கம் வந்தால் நேரே அவசரப் பிரிவு. அதிக ரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, தலையில் அடி என்றாலும் அப்படித்தான்.

பிரசவத்தைத் திட்டமிட்டுத்தான் செய்தார்கள். முழு அளவு ஊசிக்கும் முதுகில் போடும் எபிடியூரலுக்கும் நடுவில் 24 மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கசியலாம். தடுப்பு அளவு மட்டும் போடுகிறவர்களுக்கு 12 மணி நேரம். அதனால் மயக்க மருந்து டாக்டரை முன்கூட்டியே சந்தித்தேன். 39-ஆவது வாரத்தில் வலி வரவைக்கும் நாளைக் குறித்து, அதற்கு முந்தின நாள் காலை ஊசியோடு நிறுத்தினோம். அதற்குள் தானாக வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ அடுத்த ஊசியைப் போடாமல் நேரே வரச் சொல்லியிருந்தார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தாள். எபிடியூரல் குழாயை எடுத்து, ரத்தப்போக்கு அடங்கியது என்று பார்த்த பிறகு, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

கர்ப்பம் முடிந்தால் ஊசியும் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். கட்டி வரும் அபாயம் மிக அதிகமாக இருப்பதே பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களில்தான். சிகிச்சை மொத்தம் 3 மாதமாவது இருக்க வேண்டும், பிரசவத்துக்குப் பின் 6 வாரமாவது இருக்க வேண்டும், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. எனக்கு 3 மாதம் பிரசவத்துக்கு முன்பே தாண்டிவிட்டது, அதனால் 6 வாரக் கணக்கு. பால் கொடுக்கும்போது வார்ஃபரினும் எடுக்கலாம், ஆனால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கைவந்த ஊசியே போதும் என்று விட்டுவிட்டேன்.

6 வாரம் முடிந்ததும் டாக்டர் இரண்டு விஷயம் எழுதிக் கொடுத்தார். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எனக்குக் கூடாது. அடுத்து கர்ப்பமானால் இந்தக் கட்டி ஒன்றுக்கே 4 மதிப்பெண், எனவே பரிசோதனையில் உறுதியானதுமே போய்க் காட்ட வேண்டும், தடுப்பு ஊசி முதல் மூன்று மாதத்திலேயே ஆரம்பமாகும்.