மூலத்துக்கு நூல் கட்டும்போது: முதல் நாளிலிருந்து முளை உதிரும் வரை

ரப்பர் பால் வெட்டும் நாற்பத்தைந்து வயதுக்காரர். வெளிக்குப் போகும்போது இரண்டு முளை வெளியே வரும். விரலால் தள்ளினால்தான் உள்ளே போகும். இது மூன்றாம் நிலை மூலம், ஆயுர்வேத முறையில் முளையின் அடியில் மருந்து நூல் கட்டி உதிரவைப்பதற்கு ஏற்றது. வெறும் ரத்தம் மட்டும் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் உணவையும் மலச்சிக்கலையும் சரிசெய்தாலே போதும்.

கட்டுகிற நூல் சாதாரண நூல் அல்ல. லினன் நூலில் இலைக்கள்ளிப் பாலை 11 முறை பூசி, ஒவ்வொரு பூச்சையும் காயவிடுவார்கள். அடுத்து பாலோடு நாயுருவிச் சாம்பலில் எடுத்த காரத்தைச் சேர்த்து 7 முறை, கடைசியில் பாலும் மஞ்சள்பொடியுமாக 3 முறை. மொத்தம் 21 பூச்சு. நூலின் இறுக்கம் ரத்த ஓட்டத்தை நிறுத்தும், காரம் சதையை அரிக்கும்.

முதலில் சர்க்கரை, ரத்தம் உறையும் நேரம் எல்லாம் பார்த்து, குழாய்க் கருவி வைத்து ஆசனவாயின் உள்பக்கத்தையும் பார்ப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, முளையின் அடியில் நூல் கோத்த ஊசியைக் குத்தி எடுத்து, இரு பக்கமும் இறுக்கி முடிச்சிடுவார்கள்.

முடிச்சு விழும் இடம்தான் எல்லாம். ஆசனவாய்க்குள் ஒரு கோடு உண்டு. அதற்கு மேலே சவ்வில் வலி தெரியாது; கீழே தோலில் ஊசிமுனை பட்டாலே துடிப்பார்கள். தோலைச் சேர்த்துக் கட்டினால் ஒரு வாரமும் உட்கார முடியாது. இரண்டு முளைகளுக்கு நடுவே நல்ல சவ்வை விட்டுவைக்க வேண்டும். சுற்றிலும் வளைத்துக் கட்டிவிட்டால், ஆறும்போது தழும்பு சுருங்கி ஆசனவாய் குறுகும். மலம் பென்சில் மாதிரி வரும்.

அன்று இரவு சிலருக்குச் சிறுநீர் அடைக்கும். இரண்டொரு நாளில் முளை கறுத்துச் சுருங்கி, ஐந்து முதல் ஏழு நாளில் நூலோடு உதிரும். அப்போது சொட்டுச் சொட்டாக ரத்தம் வரலாம். கொட்டினால் உடனே ஆஸ்பத்திரி. புண் ஆற இன்னும் இரண்டு, மூன்று வாரம் ஆகும். திரிபலா கஷாயம் கலந்த வெதுவெதுப்பான நீரில் தினமும் உட்கார வேண்டும். கஞ்சியும் பயறும் நல்லது, எரிப்பான மீன்கறி வேண்டாம்.

வாரம் ஒருமுறை நூல் மாற்றுவது, ஆசனவாய் ஓரம் துளை விழுந்து சீழ் வடியும் பவுத்திரத்துக்கு; மூலத்துக்கு அல்ல. 1991-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், நூல் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பியது 4 சதவீதம் பேருக்கு, அறுவைக்குப் பின் 11 சதவீதம் பேருக்கு. ஆனால் நூலில் ஆற அதிக நாள் ஆனது. அதுவும் பவுத்திரத்தைப் பற்றியதுதான். அந்தக் கணக்கை மூலத்துக்குச் சொல்பவரை நம்பாதீர்கள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ‘ஒரே நாளில் மூலம் குணம்’ என்று போர்டு வைப்பவர்களில் பலர் உள்ளே பார்ப்பதே இல்லை. ரத்தம் வந்தால் மூலம் என்று கட்டிவிடுவார்கள். மலக்குடல் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும், மாதங்கள் வீணாகும். சிலர் நூலுக்குப் பதில் திராவக ஊசி போடுவார்கள், சதை அழுகும். கட்டியபின் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் அடைப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் அது சீழ் உள்ளே பரவுவதன் அடையாளம். இரவானாலும் காத்திருக்கக் கூடாது.

கட்டுபவர் ஆயுர்வேதப் பட்டமான பி.ஏ.எம்.எஸ். முடித்து, ஆயுர்வேத அறுவைப் பிரிவான சல்லிய தந்திரத்தில் எம்.எஸ். படித்தவரா என்று கேளுங்கள். நாகர்கோவில் கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டி, நூல்தான் வேண்டுமா என்று உறுதிசெய்துகொள்ளலாம்.